666: பிங்பாங் பந்துக்குள் கொஞ்சம் பெயின்ட்

1980 ஏப்ரல் 24, வியாழக்கிழமை. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநில லாட்டரியில் 'டெய்லி நம்பர்' என்று ஒரு ஆட்டம். பிட்ஸ்பர்க் நகரில் உள்ள டபிள்யூ.டி.ஏ.இ. தொலைக்காட்சி நிலையத்திலிருந்து தினமும் மாலை அதன் குலுக்கலை நேரலையில் காட்டுவார்கள். அன்றும் காட்டினார்கள். மூன்று கண்ணாடி போன்ற பெட்டிகள், ஒவ்வொன்றிலும் 0 முதல் 9 வரை எண் எழுதிய பத்து பிங்பாங் பந்துகள். கீழிருந்து காற்று அடிக்கும். பந்துகள் துள்ளும். மேலே உள்ள குழாயில் எந்தப் பந்து முதலில் ஏறுகிறதோ அதுதான் அந்தப் பெட்டியின் எண். முதல் பெட்டியில் 6 வந்தது, இரண்டாவதிலும் 6, மூன்றாவதிலும் 6.

மூன்று ஆறு வந்ததில் தன்னளவில் ஒன்றும் தப்பில்லை. 666 வர ஆயிரத்தில் ஒரு வாய்ப்பு, 217 வரவும் அதே ஆயிரத்தில் ஒன்றுதான். கிறிஸ்தவ மரபில் 666 பொல்லாத எண் என்பதால் பார்ப்பவர்கள் கண்ணில் அது உறுத்தியிருக்கலாம், அவ்வளவுதான். முடிவை மட்டும் வைத்துக்கொண்டு இதில் மோசடி இருக்கிறதா என்று கேட்டால் எந்தப் புள்ளியியல் நிபுணரும் கையை விரித்துவிடுவார். இந்த வழக்கை நான் எடுத்துக்கொண்டதற்கு அதுவே காரணம்.

நடந்தது இது. அந்த நிகழ்ச்சியின் அறிவிப்பாளர் நிக் பெர்ரி, ஊரே அறிந்த முகம். ஜாக், பீட்டர் மராகோஸ் என்ற சகோதரர்கள் அவருடைய தொழில் கூட்டாளிகள். நிலையத்தின் ஆர்ட் டைரக்டர் ஜோசப் பாக், ஊசி போடும் சிரிஞ்சால் பிங்பாங் பந்துகளுக்குள் வெள்ளை லேடெக்ஸ் பெயின்டை ஏற்றினார். மேடை உதவியாளர் ஒருவர் குலுக்கலுக்கு முன்னால் அசல் பந்துகளை எடுத்துவிட்டு இவற்றை வைத்தார், முடிந்ததும் மறுபடி அசலை வைத்தார். பந்துகளுக்கும் இயந்திரத்துக்கும் காவலாக இருக்க வேண்டிய லாட்டரி அதிகாரி எட்வர்ட் ப்ளெவல், தேவையான நேரத்தில் அங்கே இல்லாமல் பார்த்துக்கொண்டார்.

பெயின்ட் ஏற்றியது எல்லாப் பந்திலும் இல்லை. ஒவ்வொரு பெட்டியிலும் 4, 6 என்ற இரண்டை மட்டும் விட்டுவிட்டு மற்ற எட்டையும் கனமாக்கினார்கள். மூன்று பெட்டிக்கும் சேர்த்து 24 பந்து. ஏன் இப்படித் தலைகீழாக என்று தோன்றும். பிங்பாங் பந்தை லேசாக்குவது கஷ்டம், கனமாக்குவது சுலபம். 6-ஐ ஜெயிக்க வைக்க வேண்டுமென்றால் மற்றவற்றைத் தோற்க வைப்பதுதான் வழி. 4-ஐயும் ஏன் விட்டார்கள்? ஒரே ஒரு பந்து மட்டும் மேலே ஆட, ஒன்பது பந்து கீழே கிடந்தால் டிவி பார்க்கிற குழந்தைகூடக் கண்டுபிடித்துவிடும், இரண்டு ஆடினால் கொஞ்சம் இயல்பாக இருக்கும் என்று நினைத்திருப்பார்கள். இது என் ஊகம்.

விளைவாக அன்று வரக்கூடிய எண்கள் எட்டே எட்டுதான்: 444, 446, 464, 466, 644, 646, 664, 666. மூன்று இலக்கமும் வரிசை மாறாமல் பொருந்தினால் ஒரு டாலருக்கு 500 டாலர். எட்டு எண்ணுக்கும் தலா ஒரு டாலர் போட்டால் எட்டு டாலர் போய் ஐந்நூறு வரும். அறுபது மடங்குக்கு மேல்.

இப்போது பெயின்ட் என்ன செய்கிறது என்று பார்ப்போம். பந்து காற்றில் மிதக்க வேண்டுமென்றால் காற்று மேலே தள்ளும் விசை பந்தின் எடைக்குச் சமமாக இருக்க வேண்டும். அதற்குத் தேவையான காற்று வேகம் இது:

v = √(2mg / (ρ·C·A))

m பந்தின் நிறை, g புவியீர்ப்பு முடுக்கம், A பந்தின் குறுக்குப் பரப்பு, ρ காற்றின் அடர்த்தி, C உருண்டைக்கான இழுவை எண். அது ஏறத்தாழ 0.47. அந்தக் காலத்துப் பிங்பாங் பந்து 38 மி.மீ. விட்டம், 2.5 கிராம். போட்டுப் பார்த்தால் விநாடிக்கு 8.7 மீட்டர் வருகிறது. அந்தப் பந்துக்குள் அரை மில்லி லிட்டர் பெயின்ட் போகிறது என்று வையுங்கள். பெயின்ட் தண்ணீரைவிடக் கொஞ்சம் கனம், அதனால் சுமார் 0.6 கிராம் கூடும். 3.1 கிராம் பந்துக்குத் தேவையான வேகம் 9.7 மீட்டர். (பிட்ஸ்பர்க்கில் அரை மில்லிதான் ஏற்றினார்கள் என்று நான் சொல்லவில்லை, இது கணக்குக்காக.) குழாயின் வாயருகே காற்று விநாடிக்கு 9.2 மீட்டர் வேகத்தில் போகிறது என்றால் அசல் பந்து ஏறிவிடும். பெயின்ட் பந்து அந்த உயரத்துக்கு வந்தாலும் நிற்க முடியாமல் இறங்கும்.

ஆனால் காற்றுப் பெட்டிக்குள் காற்று ஒரே சீராக ஓடுவதில்லை. சுழலும், திடீரென்று ஒரு வீச்சு மேலே போகும், பந்தும் பந்தும் மோதும். ஒரு கனமான பந்து அதிர்ஷ்டவசமாக உந்தப்பட்டுக் குழாய்க்குள் போய்விடவும் கூடும். எடை வித்தியாசம் சின்னதாக இருந்தால் வாய்ப்பு லேசாகச் சாயும், பெரிதாக இருந்தால் கிட்டத்தட்ட உறுதியாகும். பாக் பெரிதாக வைத்தார், வேலை நடந்தது.

எடை மட்டுமல்ல, அளவும் முக்கியம். அதே எடையில் விட்டம் ஒரு சதவீதம் பெரிதாக இருந்தால் காற்று பிடிக்கும் பரப்பு இரண்டு சதவீதம் கூடும், பந்து இன்னும் சுலபமாக மிதக்கும். அதனால் பந்தை எடை போடுவது மட்டும் போதாது, விட்டத்தையும் அளக்க வேண்டும். தேய்ந்து சொரசொரப்பான பந்து, கை வியர்வை பட்ட பந்து, வறண்ட நாளில் நிலைமின்சாரம் ஏறி பெட்டிச் சுவரில் ஒட்டிக்கொள்ளும் பந்து, இவையெல்லாம் யாருடைய சதியும் இல்லாமலே சாய்வைக் கொண்டுவரும்.

கடையில் வாங்கிய ஒரு பெட்டிப் பந்தில் இது எவ்வளவு என்று பார்க்க ஆசை வந்தது. தெருமுனை விளையாட்டுக் கடையில் ஆறு பந்து கொண்ட மலிவுப் பெட்டி ஒன்று வாங்கி, நகை வேலை செய்யும் நண்பரின் தராசில் ஒவ்வொன்றாக வைத்தேன். தங்கம் நிறுக்கிற தட்டில் பிங்பாங் பந்து உருண்டுகொண்டே இருந்தது. கடைசியில் பாட்டில் மூடி ஒன்றை வைத்து அதன்மேல் உட்கார வைத்தோம். மிக லேசானதுக்கும் மிகக் கனமானதுக்கும் பத்தில் ஒரு கிராமுக்கு மேல் வித்தியாசம். ஒரே பெட்டி, ஒரே கம்பெனி! இப்போதைய 2.7 கிராம் பந்தில் அது நான்கு சதவீதம், மிதக்கும் வேகத்தில் இரண்டு சதவீதம். அப்புறம் ஒன்றில் சிரிஞ்சால் பெயின்ட் ஏற்றி, ஹேர் டிரையரை நிமிர்த்திப் பிடித்து இரண்டையும் மாற்றி மாற்றி மிதக்க விட்டோம். பெயின்ட் பந்து அசலைவிடக் கண்ணுக்குத் தெரியும் அளவு தாழ்வாக நின்றது. கையில் வைத்துப் பார்த்தால் எது எது என்று என்னால் சொல்ல முடியவில்லை. நண்பர் சொல்லிவிட்டார். அவர் தொழில் அப்படி.

சதியே இல்லாமல் குலுக்கல் சாய்ந்ததற்குப் பெயர்போன உதாரணம் அதே நாட்டில் பத்து வருடம் முன்னால் நடந்தது. 1969 டிசம்பர் 1, வியட்நாம் போருக்கு யாரை முதலில் அழைப்பது என்பதற்கான குலுக்கல். வருடத்தின் 366 தேதிகளையும் சிறு குப்பிகளில் அடைத்து மாதவாரியாகப் பெட்டியில் போட்டு, பிறகு ஒரு பெரிய ஜாடியில் கொட்டி, கையால் எடுத்து, எடுத்த வரிசையில் தேதிகளுக்கு எண் கொடுத்தார்கள். சரியாகக் கலக்கவில்லை. எல்லா மாதத்துக்கும் வரிசை எண்ணின் சராசரி 183-ஐ ஒட்டி வந்திருக்க வேண்டும். ஜனவரிக்கு 201 வந்தது, டிசம்பருக்கு 121. அதாவது டிசம்பரில் பிறந்தவர்கள் முன்கூட்டியே அழைக்கப்பட்டார்கள். நம் வீட்டுக் குலுக்கல் சீட்டில் பாத்திரத்தைச் சும்மா இரண்டு ஆட்டு ஆட்டிவிட்டுச் சீட்டு எடுத்தால், "நல்லா குலுக்குங்கக்கா" என்று யாராவது சத்தம் போடுவார்கள் இல்லையா, அந்தக் குரல் அங்கே இல்லை. இயந்திரம் வைத்துக் குலுக்குவதே இந்தக் கலக்கும் வேலைக்காகத்தான். எத்தனை விநாடி கலந்த பிறகு குழாயைத் திறப்பது என்பதும் சோதித்து முடிவு செய்ய வேண்டிய ஒன்று.

சரி, பிட்ஸ்பர்க்கில் சோதனை இருந்திருந்தால் மாட்டியிருப்பார்களா?

நேரலைக்கு முன் ஒத்திகைக் குலுக்கல் நடத்துவது இன்று லாட்டரிகளில் வழக்கம். பெயின்ட் பந்துகளோடு ஒரே ஒரு ஒத்திகை நடந்திருந்தாலும் மூன்று இலக்கமும் 4 அல்லது 6 ஆக வந்திருக்கும். நேர்மையான இயந்திரத்தில் அதற்கு வாய்ப்பு ஆயிரத்தில் எட்டு. தற்செயல் என்று விட்டிருப்பார்கள். இரண்டாவது ஒத்திகையிலும் அப்படியே வந்தால் பத்து லட்சத்தில் 64. அதற்கு மேல் யாரும் சும்மா இருக்க மாட்டார்கள். ஆக, இவ்வளவு பெரிய மோசடியைப் பிடிக்க ஒத்திகை போதும். ஒரு நிபந்தனை மட்டும்: ஒத்திகையில் ஆடிய அதே பந்துகள்தான் நேரலையிலும் ஆட வேண்டும். இடையில் இரண்டு நிமிடம் காவல் விலகினால் ஒத்திகை நிரூபிப்பது அசல் பந்துகளின் நேர்மையை மட்டும்தான். அது ஏற்கெனவே எல்லோருக்கும் தெரிந்த விஷயம்.

எடை போடுவதற்கும் இதே கதி. 0.6 கிராம் கூடுதலை ஒரு நகைக்கடைத் தராசு அரை நிமிடத்தில் சொல்லிவிடும். ஆனால் மதியம் நிறுத்து, சாயங்காலம் பந்தை மாற்றி, குலுக்கல் முடிந்ததும் திருப்பி வைத்துவிட்டால், மறுநாள் காலை எத்தனை தராசு கொண்டுவந்தாலும் அசல் பந்து அசல் எடையைத்தான் காட்டும்.

இதனால்தான் இப்போதைய நடைமுறையில் அளவைக் கருவியைவிட, பந்து யார் கையில் எந்த நிமிடம் இருந்தது என்பதற்குத்தான் மெனக்கெடல் அதிகம். பல லாட்டரிகளில் இப்படிச் செய்கிறார்கள்: பந்துகளை செட் செட்டாகச் செய்து, ஒவ்வொன்றின் எடையும் விட்டமும் அளவுச் சோதனைக்கூடத்தில் பதிவாகிறது. செட்டை எண் போட்ட சீலுடன் பெட்டியில் அடைத்துப் பூட்டு அறையில் வைக்கிறார்கள். ஒருவரால் மட்டும் திறக்க முடியாது, இரண்டு பேர் வேண்டும். எந்தச் செட், எந்த இயந்திரம் என்பதைக் குலுக்கல் அன்றுதான், அதையும் குலுக்கியே முடிவு செய்கிறார்கள். அப்போது முன்கூட்டியே ஒரு போலிச் செட் தயாரித்து வைத்தும் பயன் குறைவு. வெளியாள் ஒருவர், பெரும்பாலும் தணிக்கையாளர், சீல் எண்ணைப் பதிவேட்டோடு ஒப்பிட்டுப் பார்த்து உடைக்கிறார். கையுறை போட்டுத்தான் பந்தைத் தொடுகிறார்கள். ஒத்திகை, நேரலை, பல இடங்களில் அதன் பிறகும் ஒத்திகை, எல்லாம் ஒரே கேமராப் பதிவில். பிறகு அங்கேயே மறுபடி சீல்.

என் பார்வையில் இதில் விலை மதிப்பானது நேரலைக்குப் பிறகு நடக்கும் சோதனைதான். முன்னால் நடப்பதை ஏமாற்ற ஒரு முறை பந்தை மாற்றினால் போதும். பின்னால் நடப்பதையும் ஏமாற்ற வேண்டுமென்றால் எல்லோர் கண் முன்னாலும் இன்னொரு முறை மாற்ற வேண்டும்.

அப்போ முடிவுகளை வருடக்கணக்கில் சேர்த்துக் கணக்குப் போட்டால் சாய்வு தெரியாதா? தெரியும், ஆனால் தாமதமாக. இதற்கு வழக்கமாகச் செய்வது கை-ஸ்கொயர் சோதனை. (கை என்பது கிரேக்க எழுத்து, நம் கை இல்லை.) ஒரு பெட்டியில் ஆயிரம் குலுக்கல் முடிந்தது என்று கற்பனை செய்வோம். ஒவ்வொரு எண்ணும் நூறு முறை வந்திருக்க வேண்டும். வந்தது இப்படி, 0 முதல் 9 வரை: 92, 108, 97, 115, 103, 89, 101, 110, 94, 91. பார்த்ததும் 3 அடிக்கடி வருகிறது, 5 வரவே மாட்டேன் என்கிறது என்று தோன்றும். ஒவ்வொன்றிலும் நூறைக் கழித்து, வர்க்கம் எடுத்து, நூறால் வகுத்துக் கூட்டினால் 7.1 வருகிறது. பத்து எண்கள் உள்ள பெட்டியில் 16.9-ஐத் தாண்டினால்தான் சந்தேகப்பட ஆரம்பிப்பார்கள். நேர்மையான இயந்திரமும் இருபதில் ஒரு தடவை அதைத் தாண்டும், அதனால் தாண்டினாலும் உடனே போலீஸைக் கூப்பிடுவதில்லை. இங்கே 115-உம் 89-உம் சாதாரண ஏற்ற இறக்கம்.

இந்தச் சோதனையின் எல்லை எங்கே என்று பாருங்கள். ஒரு பந்து கொஞ்சம் லேசாக இருப்பதால் பத்து சதவீதத்துக்குப் பதில் பதினொரு சதவீதம் வருகிறது என்று வைப்போம். 3,600 குலுக்கலில் அது 360-க்குப் பதில் 396 முறை வரும். வெறும் தற்செயலிலேயே முன்னே பின்னே 18 ஆடும் என்பதால், 36 அதிகம் என்பது இரண்டு மடங்கு ஆட்டம், ஓரளவு சந்தேகப்படலாம் என்ற நிலை. தினம் ஒரு குலுக்கல் என்றால் 3,600 என்பது ஏறத்தாழப் பத்து வருடம்! அதற்குள் பந்தே நாலு முறை மாறியிருக்கும். இதே பந்தைத் தராசில் வைத்தால் அன்றைக்கே தெரிந்துவிடும். சின்னச் சாய்வுக்குத் தராசு, நீண்ட காலச் சாய்வுக்குப் புள்ளியியல், ஒரே ஒரு நாள் மோசடிக்கு சீலும் சாட்சியும் என்று வேலையைப் பிரித்துத்தான் கொடுக்க வேண்டியிருக்கிறது.

ஒரே நாள் நடந்த பிட்ஸ்பர்க் மோசடி, பந்தை வைத்தோ எண்ணை வைத்தோ வெளிவரவில்லை. பணத்தை வைத்துத்தான் வெளிவந்தது. சகோதரர்கள் இருவரும் மாநிலம் முழுக்க அலைந்து அந்த எட்டு எண்களில் கட்டுக்கட்டாக டிக்கெட் வாங்கினார்கள். குலுக்கல் அன்று லாட்டரி கொடுத்த பரிசுத்தொகை சுமார் 35 லட்சம் டாலர், அதுவரை இல்லாத அளவு. 666-ஐப் பொதுமக்களும் ஆசையாக வாங்குவார்கள் என்பதால் அதைக்கூட மழுப்பியிருக்கலாம். ஆனால் 4-உம் 6-உம் மட்டும் கலந்த எட்டு எண்களிலும் ஒரே சமயம் பணம் குவிந்ததை மழுப்ப முடியாது.

முதலில் முணுமுணுத்தவர்களில் சட்டவிரோத நம்பர் ஆட்டம் நடத்தியவர்களும் உண்டு. அவர்கள் தனியாகக் குலுக்குவதில்லை, மாநில லாட்டரியின் எண்ணையே வைத்துப் பணம் கொடுப்பார்கள். இங்கே கேரள லாட்டரி முடிவின் கடைசி எண்களை வைத்து மூன்று நம்பர் லாட்டரி ஓட்டுகிறார்கள் என்று கைது செய்தி வருகிறதே, அதே ஏற்பாடு. அன்று அவர்களுக்கும் பலத்த அடி. மோசடி செய்துவிட்டார்கள் என்று சூதாட்டக்காரர்களே புகார் சொன்ன விசித்திரம். லாட்டரி அதிகாரிகள் முதலில் அப்படி ஒன்றும் நடக்கவில்லை என்றுதான் சொன்னார்கள்.

பிறகு ஒரு மதுக்கடையில் சகோதரர்கள் மொத்தமாக டிக்கெட் வாங்கியதும், அங்கிருந்து தொலைக்காட்சி நிலையத்துக்குப் போன ஒரு தொலைபேசி அழைப்பும் தெரியவந்தது. கயிற்றின் நுனி கிடைத்துவிட்டது. பாக் குற்றத்தை ஒப்புக்கொண்டார். சகோதரர்கள் அரசுத் தரப்புச் சாட்சிகளானார்கள். 1981 மே மாதம் பெர்ரியும் ப்ளெவலும் குற்றவாளிகள் என்று தீர்ப்பு வந்தது, பெர்ரிக்கு மூன்று முதல் ஏழு ஆண்டு சிறை. குலுக்கலை பிட்ஸ்பர்க்கிலிருந்து தலைநகர் ஹாரிஸ்பர்க்குக்கு மாற்றினார்கள்.

அந்தப் பெயின்ட் பந்துகள் வழக்கில் சாட்சிப் பொருளாக வரவில்லை. குலுக்கல் முடிந்த கையோடு அவற்றை எரித்துவிட்டார்கள்.